சி7 தூணின் கான்கிரீட் வலிமை: கோர் சோதனை மதிப்பீட்டு அறிக்கை

பெறுநர்: ஆலய இணைப்புக் கட்டடக் குழு, சிங்கப்பூர்
அனுப்புநர்: கட்டமைப்பு ஆலோசகர்
தேதி: 18 ஆகஸ்ட் 2025

ஒப்புதலுக்கான ஆங்கில அறிக்கை தனியே போகிறது. குழுவில் பலர் தமிழில் கேட்டதால் அதே கணக்கு, அதே முடிவு இங்கே.

முடிவு முதலில்

சி7 தூணை இடிக்க வேண்டாம், பலப்படுத்தவும் வேண்டாம். கீழே உள்ள நிபந்தனைகளோடு ஏற்கலாம். ஆனால் இந்தத் தூணுக்கென லாரியில் வந்த கான்கிரீட் நாம் கேட்ட தரத்தில் வந்தது என்று இதற்குப் பொருள் கிடையாது. தூண் தாங்குமா என்பது ஒரு கேள்வி, சரக்கு சரியா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குப் பதில் ஆம், இரண்டாவதற்கு இல்லை.

சந்தேகம் எழுந்த விதம்

சி7 முதல் மாடியில் இருந்து இரண்டாம் மாடி உத்தரத்தின் அடிவரை 3.0 மீட்டர் உயரத்துக்கு வார்க்கப்பட்ட 500 × 500 மிமீ தூண். உள்ளே 32 மிமீ கம்பிகள் எட்டு. வரைபடம் கேட்பது சி40/50, அதாவது உருளை மாதிரியில் அளக்கும் சிலிண்டர் வலிமை 40, கனசதுர மாதிரியில் அளக்கும் கியூப் வலிமை 50 மெகாபாஸ்கல். பக்கத்துத் தூண்கள் எல்லாம் ஜூன் 10 அன்று வார்க்கப்பட்டன. இதற்கு மட்டும் ஷட்டரிங் தாமதமானதால் ஜூன் 11 அன்று தனி லாரியில் 1.5 கன மீட்டர் வந்தது. அதில் பாதி தூணுக்கு, மீதி சாய்தளத்தின் ஓரக்கட்டைக்கு. எனவே சந்தேகம் இந்த ஒரு தூணோடு நிற்கிறது.

அந்த லாரியின் இரண்டு கியூப்கள் 28 நாளில் 43.5, 44.0 கொடுத்தன. சராசரி 43.75. கான்கிரீட்டுக்கான சிங்கப்பூர் தரவிதி எஸ்எஸ் ஈஎன் 206 சொல்லும் அடையாளச் சோதனைப்படி ஒற்றை முடிவு 50 − 4 = 46-க்குக் குறையக் கூடாது. இது குறைந்துவிட்டது. இரண்டு கியூப்களும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டுவதால், 'கியூப் சரியாகச் செய்யவில்லை' என்ற ஒப்பந்ததாரரின் விளக்கம் எனக்கு எடுபடவில்லை. தவறாகச் செய்த கியூப்கள் பொதுவாக ஒன்றுக்கொன்று விலகித்தான் நிற்கும்.

கோர் எடுத்த இடங்கள்

கோர் என்பது இறுகிய கான்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் உருளை மாதிரி. அதை எங்கே எடுக்கிறோம் என்பதில்தான் இந்த அறிக்கையின் உயிர் இருக்கிறது. தூணில் கான்கிரீட் இறங்கி அமரும்போது நீர் மேலே ஏறும். அதனால் அடிப்பகுதி கெட்டியாகவும் மேற்பகுதி சற்றுப் பலவீனமாகவும் இருக்கும். சாரம் கட்டாமல் இடுப்பு உயரத்திலேயே மூன்று கோரையும் எடுத்துவிடலாம் என்று தளத்தில் கேட்டார்கள். வேலை சுலபம்தான், முடிவும் அழகாக வரும், ஆனால் எதையும் நிரூபிக்காது. மேல் முனையின் 300 மிமீ பகுதியை விட்டுவிட்டு, மேற்பரப்பின் கடினத்தை அளக்கும் ரீபவுண்ட் ஹேமர் குறைவாகக் காட்டிய 2.5 மீட்டர் உயரத்தில் ஒரு கோர் கட்டாயம் என்று எழுதிக் கொடுத்தோம். ஹேமர் எண்களை இடம் தேர்வதற்கு மட்டுமே பயன்படுத்தினோம், வலிமையாக மாற்றவில்லை.

கம்பிகளை ஸ்கேன் செய்த பின் ஆகஸ்ட் 7 அன்று துளையிட்டோம். நான்கு எடுத்ததில் ஒன்றில் இணைப்புக் கம்பி மாட்டியிருந்தது. அதை நசுக்குவதற்கு முன்பே ஒதுக்கினோம். நசுக்கி எண்ணைப் பார்த்த பிறகு ஒதுக்குவது சோதனை ஆகாது.

முடிவுகள்

விட்டம் 99 மிமீ. வெட்டிச் சமன்படுத்திய பின் நீளமும் விட்டமும் சமம், எனவே கிடைக்கும் எண்ணை நேராகக் கியூப் வலிமையோடு ஒப்பிடலாம். ஆகஸ்ட் 13 அன்று, 63 நாள் வயதில் சோதனை.

| கோர் | உயரம் (மீ) | உடைந்த சுமை (கிநி) | வலிமை (மெபா) | அடர்த்தி (கிகி/மீ³) |
|---|---|---|---|---|
| 1 | 1.2 | 358 | 46.5 | 2390 |
| 2 | 1.8 | 339 | 44.0 | 2380 |
| 3 | 2.5 | 312 | 40.5 | 2350 |

மேலே போகப் போக வலிமையும் அடர்த்தியும் சேர்ந்தே இறங்குகின்றன. எதிர்பார்த்த போக்குதான், எண்களை நம்ப இதுவும் ஒரு காரணம். மூன்றாவது கோரில் நுண்துளைகள் கொஞ்சம் அதிகம், தேன்கூடு போன்ற வெற்றிடம் எதுவும் இல்லை. மூன்றும் நீரில் ஊறிய நிலையில் சோதிக்கப்பட்டவை. உலர்ந்த கோர் 10 முதல் 15 சதவீதம் கூடுதலாகக் காட்டியிருக்கும். அந்தச் சலுகையை நாங்கள் சேர்க்கவில்லை.

ஏற்பு விதி

ஈஎன் 13791 தரும் 0.85 விகிதத்தை ஒட்டி இரண்டு நிபந்தனைகளைத் துளையிடும் முன்பே எழுதி, எல்லாத் தரப்பும் கையெழுத்திட்டன. இரண்டும் ஒருசேர நிறைவேற வேண்டும்:

```
சராசரி ≥ 0.85 × 50 = 42.5        கிடைத்தது 43.7
குறைந்தது ≥ 0.85 × (50 − 4) = 39.1   கிடைத்தது 40.5
```

இரண்டும் தேறுகின்றன, ஆனால் மயிரிழையில். 50 கேட்டு 40.5-ஐ எப்படி ஏற்பது என்று குழுவில் கேட்டார்கள், நியாயமான கேள்வி. கியூப் என்பது அச்சில் நன்கு இறுக்கி, நீரில் பதப்படுத்திய மாதிரி. தளத்தில் இறுகி, வெயிலில் காய்ந்த கான்கிரீட் அந்த எண்ணை எட்டாது. வடிவமைப்பில் வரும் 1.5 பாதுகாப்புக் காரணியில் இந்த இடைவெளி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது.

அதனாலேயே ஒரு எச்சரிக்கை: 0.85 என்ற சலுகையை ஒரே கணக்கில் இரண்டு முறை எடுக்கக் கூடாது. கோரின் எண்ணை 0.85-ஆல் வகுத்து 'கியூப் வலிமை' ஆக்கிவிட்டு, அப்புறம் காரணியையும் குறைத்தால் காகிதத்தில் தூண் பலசாலி ஆகிவிடும்.

தாங்கும் திறன்

விதி தேறியதோடு நிறுத்த மனம் வரவில்லை. மிகக் குறைந்த 40.5-ஐயே தூண் முழுவதற்கும் எடுத்தேன். சிலிண்டர் மதிப்பில் அது சுமார் 32.4. தளத்தில் அளந்த வலிமை கையில் இருக்கும்போது காரணியை 0.85-ஆல் பெருக்க எஸ்எஸ் ஈஎன் 1992-1-1 பின்னிணைப்பு ஏ இடம் தருகிறது, 1.30-க்குக் கீழே போகக் கூடாது. அச்சுச் சுமைத் திறன் இப்படி வருகிறது:

- மூல வடிவமைப்பு (40, காரணி 1.5): 8095 கிநி
- அளந்த வலிமை (32.4, காரணி 1.30): 7734 கிநி
- அளந்த வலிமை, எந்தச் சலுகையும் இன்றி (32.4, காரணி 1.5): 7046 கிநி

வளைவு விசையையும் சேர்த்துப் பார்த்தபோது பயன்பாட்டு விகிதம், அதாவது தாங்கும் திறனில் எவ்வளவு பங்கு செலவாகிறது என்பது, மூல வடிவமைப்பில் 0.82. அடுத்த இரண்டில் முறையே 0.86, 0.94. மிகக் கடுமையான கணக்கிலும் 1-ஐத் தாண்டவில்லை. என் முடிவு இந்தக் கடைசி எண்ணில்தான் நிற்கிறது, மயிரிழையில் தேறிய விதியில் இல்லை.

நீடித்த உழைப்பைப் பொறுத்தவரை பெரிய கவலை இல்லை. உட்புறத் தூண், மழை படாது, கம்பி மேல் மூடு தடிமன் 40 மிமீ என்று ஸ்கேனில் உறுதியானது.

நிபந்தனைகள்

நான்கு துளைகளின் உட்சுவரைச் சொரசொரப்பாக்கி, நனைத்து, சுருங்காத கிரவுட்டால் நிரப்ப வேண்டும். கிரவுட் கியூப் 28 நாளில் 50-க்குக் குறையக் கூடாது. மூன்றாம் மாடித் தளம் வார்ப்பதை நிறுத்தி வைத்திருக்கிறோம். கிரவுட்டின் 7 நாள் முடிவு 35-ஐத் தாண்டினால் அதைத் தொடரலாம்.

சி7-இன் அளந்த வலிமையும் 0.94 என்ற எண்ணும் கட்டட ஆவணத்தில் பதிவாக வேண்டும். பின்னாளில் கூரையில் தண்ணீர்த் தொட்டியோ கூடுதல் கோபுர வேலையோ யோசித்தால், இந்தத் தூணில் மிச்சம் அதிகம் இல்லை என்று அடுத்த பொறியாளருக்குத் தெரிய வேண்டும்.

அந்த லாரிச் சரக்கு தரம் தவறியதாகவே ஒப்பந்தப் பதிவில் நிற்கும். கோர், சோதனை, சாரம், இந்த மதிப்பீடு ஆகியவற்றின் செலவை ஆலயம் ஏற்கத் தேவையில்லை. கான்கிரீட் கலந்த நேரம், ஊற்றிய நேரம், வழியில் நீர் சேர்த்தார்களா என்ற விவரங்களுடன் விநியோகச் சீட்டின் மூலப் பிரதியை ஒப்பந்ததாரர் ஆகஸ்ட் 29-க்குள் தர வேண்டும்.