நிஃப்டி செவ்வாய் எக்ஸ்பைரி: நம் இருவருக்குமான விதிகள்

கணக்கில் 10 லட்சம். வாரத்துக்கு 2 லாட்தான். 2026 ஜனவரியிலிருந்து லாட் 65 என்பதால் 130 யூனிட். நாலு வாரம் தொடர்ந்து லாபம் வந்தாலும் இதைக் கூட்டுவதில்லை. எக்ஸ்பைரி அன்று விற்கும் ஆப்ஷனுக்கு செபி கேட்கும் 2 சதவீதக் கூடுதல் மார்ஜினை ஒதுக்கிவைத்துவிடு. 25,000 புள்ளியில் அது லாட்டுக்கு 32,500 ரூபாய்.

10.15 வரை ஆர்டர் இல்லை. அதற்குள் நேற்றைய முடிவிலிருந்து நிஃப்டி 0.7 சதவீதத்துக்கு மேல் நகர்ந்துவிட்டால் அன்று நமக்கு வேலையில்லை. பட்ஜெட், ரிசர்வ் வங்கி அறிவிப்பு, தேர்தல் முடிவு நாட்களிலும் அப்படியே. 2024 ஜூன் 4-ம் செவ்வாய்தான். அன்று நிஃப்டி 1,379 புள்ளி விழுந்தது.

ஸ்பாட் 25,000, விலைகள் ஏறத்தாழ இப்படி என்றால், ஹெட்ஜை முதலில் வாங்கு:

```
BUY  25250 CE   6
BUY  24750 PE   6
SELL 25100 CE  32
SELL 24900 PE  30
```

கைக்கு வருவது 50 புள்ளி, 6,500 ரூபாய். எவ்வளவு மோசமாகப் போனாலும் நஷ்டம் 100 புள்ளி, அதாவது 13,000 ரூபாயும் செலவுகளும். ஹெட்ஜுக்குக் கொடுக்கும் 12 புள்ளியை வீண் என்று நினைக்காதே. ஆப்ஷனில் ஸ்டாப்லாஸை லிமிட் விலையோடுதான் போட முடிகிறது; வேகமான நகர்வில் விலை அதைத் தாண்டி ஓடிவிடும். அப்போது காப்பது இந்த இரண்டு லெக் மட்டும்தான்.

நேரம் கரைவதில் வரும் வருமானமும் காமாவும் சேர்ந்தே வளர்கின்றன. ஸ்பாட்டை ஒட்டிய ஸ்ட்ரைக்கில் காமா, மீதமுள்ள நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். 10.15-க்கு ஐந்தேகால் மணி நேரம் மிச்சம், 2.15-க்கு ஒன்றேகால். காமா இரண்டு மடங்காகிவிடும். காலையில் தாங்கிய 40 புள்ளி நகர்வு அப்போது நம்மைப் புரட்டிப்போடும். நிஃப்டி நடுவிலேயே நின்றிருந்தாலோ, தூர ஸ்ட்ரைக்கின் பிரீமியத்தில் பெரும்பகுதி அதற்குள் கரைந்திருக்கும். மிச்சமுள்ள சில புள்ளிக்காக அந்தக் காமாவைச் சுமக்க நான் தயாரில்லை.

அதனால் நிகர பிரீமியம் 15-க்கு இறங்கினால் வெளியே. 85-க்கு ஏறினாலும் வெளியே. நிஃப்டி 25,100-ஐயோ 24,900-ஐயோ தொட்டால், பிரீமியம் என்னவாக இருந்தாலும் நான்கு லெக்கும் வெளியே. இதில் எது முதலில் வருகிறதோ அது. எதுவும் வராவிட்டால் 2.15.

தொட்ட பக்கத்தை அடுத்த ஸ்ட்ரைக்குக்கு நகர்த்துவது, மறுபக்கத்தை நெருக்கி விற்பது இரண்டும் கிடையாது. இரண்டுமே காமா கூடிய நேரத்தில் புதிதாக விற்பதுதான். கடிகாரமும் அளவும் என் பொறுப்பு, ஆர்டர் உன் கையில். நான் "வெளியே" என்றதும் விவாதம் வேண்டாம், அதைச் சாயங்காலம் பேசலாம்.

வெளியேறும்போது விற்றதை முதலில் திரும்ப வாங்கு, பிறகு ஹெட்ஜை விற்றுவிடு. ஹெட்ஜ் 1 ரூபாய்க்குக் கீழே இருந்தால் அப்படியே விட்டுவிடலாம்.