நம் சைட்டின் 6 பக்கங்களுக்கும் புதிய தலைப்பும் விவரமும்

அண்ணா, வணக்கம்.

கூகுள் தேடலில் தெரிகிற தலைப்பையும் அதற்குக் கீழே வருகிற விவரத்தையும் நம் செக்கு எண்ணெய்க் கடை சைட்டின் ஆறு பக்கத்துக்கும் எழுதி முடித்துவிட்டேன். பழையதையும் புதியதையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். எதை ஏன் மாற்றினேன் என்று தெரிந்தால்தான் நாளைக்கு நீங்களே ஒரு பக்கம் சேர்க்கும்போது கைகொடுக்கும்.

முதலில் அளவு. கூகுள் தலைப்பை எழுத்து எண்ணி வெட்டுவதில்லை, அகலம் பார்த்து வெட்டுகிறது. கம்ப்யூட்டரில் ஏறத்தாழ 600 பிக்சல்தான் இடம். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அகலம் என்பதால் ‘60 எழுத்து வரை போகலாம்’ என்கிற கணக்கு நமக்கு உதவாது. நாம் எண்ணுகிற எழுத்தும் மெஷின் எண்ணுகிற எழுத்தும்கூட வேறு. ‘எண்ணெய்’ நமக்கு நாலு எழுத்து. புள்ளியும் கொம்பும் தனித்தனியாகச் சேர்ந்து மெஷினுக்கு ஏழு. அதனால் எழுத்து எண்ணும் கவுன்ட்டரை நம்பாமல், தேடல் முடிவில் வருகிற அதே எழுத்தளவில் திரையில் போட்டுப் பார்த்துத்தான் எழுதினேன். தலைப்பு முப்பது எழுத்துக்குள், விவரம் தொண்ணூறு எழுத்துக்குள் நின்றால் தமிழில் பெரும்பாலும் வெட்டுப்படாது.

முகப்பு

பழையது: ‘முகப்பு | நம்பர் 1 சுத்தமான மரச்செக்கு எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் காங்கேயம் திருப்பூர் ஈரோடு கோவை’

இதில் ‘மரச்செக்கு எண்ணெய்’ தாண்டியதும் மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடுகிறது. முதலில் கண்ணில் படுவது ‘முகப்பு’, ‘நம்பர் 1’ இரண்டும்தான். முதலாவதால் யாருக்கும் பயனில்லை, இரண்டாவது யார் கொடுத்த பட்டம் என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

புதிய தலைப்பு: மரச்செக்கு எண்ணெய், காங்கேயம் – நேரடி விற்பனை

விவரம்: கடலை, எள், கொப்பரை மூன்றையும் வாகை மரச்செக்கில் ஆட்டி விற்கிறோம். செக்கு மோட்டாரில் ஓடுகிறது. காலை 8 – மாலை 7. ஞாயிறு விடுமுறை.

மோட்டார் என்று போட வேண்டுமா என்று போனில் கேட்டீர்கள். போட வேண்டும் அண்ணா. பழைய விவரத்தில் ‘பாரம்பரிய மாட்டுச் செக்கு’ என்று இருந்தது. போன மாதம் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் குழந்தைக்கு மாடு சுற்றுவதைக் காட்டலாம் என்று வந்து, மோட்டாரைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை ‘மாடு எங்கே’ என்று கேட்டதை நீங்கள்தான் சொன்னீர்கள். எண்ணெய் வாங்கிக்கொண்டுதான் போனார்கள், ஆனால் அந்தக் கேள்விக்கு நம் சைட்தான் காரணம்.

கடைப் பெயரைத் தலைப்பில் எடுத்துவிட்டேன். முடிவுக்கு மேலேயே சைட்டின் பெயரை கூகுள் தனியாகக் காட்டுகிறது. மறுபடி போட்டால் இடம்தான் வீண்.

கடலை எண்ணெய்

பழையது: ‘கொலஸ்ட்ரால் இல்லாத கடலை எண்ணெய் – இதயத்துக்கு மருந்து’

தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது. நம்முடையதில் மட்டும் இல்லாததுபோலச் சொன்னால், சொல் உண்மையாக இருந்தும் வாங்குபவர் மனதில் விழுவது பொய். ‘மருந்து’ என்பது அதைவிடப் பெரிய வம்பு.

புதிய தலைப்பு: மரச்செக்கு கடலை எண்ணெய் – 1 லி, 5 லி

விவரம்: வெயிலில் காயவைத்த நிலக்கடலையை ஆட்டி, இரண்டு நாள் தெளியவைத்தது. ரசாயனச் சுத்திகரிப்பு இல்லை. அடியில் கொஞ்சம் வண்டல் நிற்கும்.

நல்லெண்ணெய்

பழையது: ‘சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் ஆர்கானிக் நல்லெண்ணெய்’

இந்த ஒரு வரியைத்தான் இன்றைக்கே எடுத்தாக வேண்டும். உணவுப் பொருளுக்குத் தவறான விளம்பரம் செய்தால் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். இதைப் படித்துவிட்டு ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

‘ஆர்கானிக்’கும் நிற்காது. எள்ளை நாம் சிவகிரி ஏலத்தில் மூட்டையாக எடுக்கிறோம். எந்தக் காட்டில் விளைந்தது, என்ன மருந்து அடித்தார்கள் என்று நமக்கே தெரியாது, சான்றிதழும் இல்லை. ஆனால் சொல்லிக்கொள்ள நல்ல விஷயம் நம்மிடம் இருக்கிறது, அதைத்தான் பழைய தலைப்பு மறைத்துவிட்டது: கருப்பட்டி.

```html
<title>கருப்பட்டி சேர்த்து ஆட்டிய மரச்செக்கு நல்லெண்ணெய்</title>
<meta name="description" content="சிவகிரி ஏலத்தில் வாங்கிய எள்ளைக் கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறோம். சமையலுக்கும் எண்ணெய்க் குளியலுக்கும். அரை லிட்டர் முதல்.">
```

மற்ற ஐந்து பக்கத்துக்கும் இதே மாதிரிதான் உள்ளே போகும். இதை மட்டும் அப்படியே காட்டியிருக்கிறேன்.

தேங்காய் எண்ணெய்

பழையது: ‘100% விர்ஜின் தேங்காய் எண்ணெய்’

விர்ஜின் என்பது காயவைக்காத பச்சைத் தேங்காயிலிருந்து எடுப்பது. நாம் கொப்பரையை ஆட்டுகிறோம். தரத்தில் குறை என்று இல்லை, பொருளே வேறு. விர்ஜின் என்று தேடி வருகிறவர் பாட்டிலைத் திறந்து கொப்பரை வாசம் வந்தால் ஏமாந்ததாகத்தான் நினைப்பார்.

‘கந்தகப் புகை போடாத கொப்பரை’ என்று முதலில் எழுதினேன், அழகாகவும் பொருந்தியது. அப்புறம்தான் ஐப்பசி, கார்த்திகையில் களம் காயாமல் வெளியில் கொப்பரை வாங்குவதாக நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. அந்த இரண்டு மாதத்துக்கு நம்மால் உறுதி சொல்ல முடியாது. எடுத்துவிட்டேன்.

புதிய தலைப்பு: மரச்செக்கு தேங்காய் எண்ணெய் – கொப்பரையில் ஆட்டியது

விவரம்: கொப்பரையை மரச்செக்கில் ஆட்டி எடுத்த எண்ணெய். விர்ஜின் வகை அல்ல. சமையலுக்கும் தலைக்கும். குளிரில் உறையும்.

டெலிவரி

பழையது ‘தமிழ்நாடு முழுவதும் இலவச டெலிவரி’. ரூ.1,500-க்குக் கீழே பார்சல் கட்டணம் வாங்குகிறோமே.

புதிய தலைப்பு: எண்ணெய் டெலிவரி – கட்டணமும் நாளும்

விவரம்: ரூ.1,500-க்கு மேல் வாங்கினால் தமிழ்நாட்டுக்குள் இலவசம். அதற்குக் கீழே பார்சல் கட்டணம் உண்டு. 3 முதல் 5 நாளில் வரும்.

எங்களைப் பற்றி

‘1952 முதல் நான்கு தலைமுறை’ என்று இருந்தது. தாத்தா காலத்துச் செக்கு நின்று பல வருடம் கழித்து 2016-ல் நீங்கள் மறுபடி தொடங்கியதுதான் உண்மைக் கதை. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

புதிய தலைப்பு: நின்றுபோன செக்கு 2016-ல் மீண்டும் ஓடிய கதை

விவரம்: தாத்தா ஓட்டிய செக்கு பல வருடம் நின்றிருந்தது. 2016-ல் பேரன் மறுபடி தொடங்கினார். காங்கேயத்தில் எங்கள் குடும்பமும் கடையும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் எழுதிய விவரத்தையேதான் கூகுள் காட்டும் என்று உறுதி இல்லை. தேடுகிறவர் போட்ட வார்த்தைக்குப் பொருத்தமாக இருந்தால் பக்கத்துக்குள்ளிருந்தே ஒரு வரியை எடுத்துக் காட்டும். தலைப்பையும் சில நேரம் பக்கத்தின் பெரிய எழுத்துத் தலைப்பிலிருந்து எடுக்கும். நல்லெண்ணெய்ப் பக்கத்தின் மூன்றாவது பத்தியில் சர்க்கரை நோய் பற்றி அதே வரி இன்னும் இருக்கிறது, முகப்பில் மாட்டுச் செக்குப் படமும் இருக்கிறது. மேலே மட்டும் திருத்திவிட்டு அவற்றை விட்டுவைத்தால் யாராவது தேடும்போது அந்த வரிதான் போய் நிற்கும். இரண்டையும் நானே எடுத்துவிடுகிறேன், சரி என்று மட்டும் சொல்லுங்கள். முகப்பு, டெலிவரி, எங்களைப் பற்றி மூன்றிலும் பக்கத்துக்குள் இருக்கிற தலைப்பையும் புதியதோடு ஒத்துப்போக மாற்றிவிட்டேன்.

நல்லெண்ணெய்ப் பக்கத்தை இன்று இரவே ஏற்றுகிறேன், மற்றவை திங்கட்கிழமை. ஏற்றியதும் கூகுளின் சேர்ச் கன்சோலில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மறுபடி பார்க்கச் சொல்லிக் கோரிக்கை போட்டுவிடுவேன். முடிவில் மாறித் தெரிய சில நாள் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். அதற்குள் எனக்கு இரண்டு விஷயம் வேண்டும்: தீபாவளிக்கு ரூ.1,500 வரம்பை மாற்றப் போகிறீர்களா, ஞாயிறு விடுமுறை பண்டிகை மாதத்திலும் உண்டா. மாற்றம் இருந்தால் அந்த விவரத்தை அன்றைக்கே திருத்திவிடலாம்.