பயணச் செலவு மீளக் கோரல்: ஒட்டுசுட்டான் கள வேலை, 2024 டிசம்பர் 9 – 11

பெறுநர்: நிதி உத்தியோகத்தர், தலைமை அலுவலகம், யாழ்ப்பாணம்
பிரதி: நிகழ்ச்சித்திட்ட முகாமையாளர், தொழில்நுட்ப உதவியாளர், கிளிநொச்சி
திகதி: 2024.12.16
விடயம்: பயணச் செலவு மீளக் கோரல் – ஒட்டுசுட்டான், டிசம்பர் 9 – 11 – மொத்தம் ரூ. 30,990 – இணைப்புகள் 10

வணக்கம் அக்கா,

முத்தையன்கட்டுப் பக்கம் உள்ள சின்னக் குளத்தின் கட்டை அளக்க நானும் தொழில்நுட்ப உதவியாளர் தம்பியும் போய்வந்த செலவுக் கணக்கு இது. மொத்தம் ரூ. 30,990. டிசம்பர் 6ஆம் திகதி முற்பணமாக ரூ. 12,000 பெற்றேன். மிகுதி ரூ. 18,990. அதில் ரூ. 2,500 ட்ரக்டர்க்காரருக்கு நேரே போகவேண்டிய காசு, ரூ. 16,490 எனக்கு வரவேண்டியது. ட்ரக்டர் காசுதான் அவசரம். அதன் விபரம் கீழே தனியாக உள்ளது, தயவுசெய்து அதை முதலில் பாருங்கள்.

நவம்பர் கடைசி மழையில் அந்தக் குளத்தின் கட்டு இரண்டு இடத்தில் அரித்துவிட்டது. கீழே காலபோக வயல் நிற்கிறது. அளவு அறிக்கையைக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு இந்த மாதமே கொடுக்காவிட்டால் திருத்த வேலை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும் என்று கமக்கார அமைப்புத் தலைவர் சொன்னார். அதனால்தான் மழை விடும்வரை காத்திருக்காமல் போனோம். பயண அனுமதிப் படிவம் இணைப்பு 1.

செலவு விபரம்:

மோட்டார் சைக்கிள், 128 கி.மீ. × ரூ. 40 = ரூ. 5,120. புறப்படும்போது மீற்றர் 23,416. முதல் நாள் ஏ-9 வீதியால் மாங்குளம் போய் அங்கிருந்து ஒட்டுசுட்டான், 23,467. இரண்டாம் நாள் ஒட்டுசுட்டானுக்கும் முத்தையன்கட்டு இடதுகரைக்கும் போய்வந்தது, 23,486. மூன்றாம் நாள் காலையில் புதுக்குடியிருப்பில் கூட்டம் இருந்தபடியால் திரும்பும்போது மாங்குளம் வராமல் புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியாக வந்தேன், 23,544. மீற்றரைப் படமெடுத்த நான்கும் இணைப்பு 2. (பெற்றோல் பற்றுச்சீட்டு இணைக்கவில்லை. சொந்த வாகனத்துக்கு கிலோமீற்றர்க் கணக்குத்தான் என்று பிரிவு 3.2 சொல்கிறது.)

பஸ், தொழில்நுட்ப உதவியாளர் = ரூ. 480. கிளிநொச்சி – மாங்குளம் ரூ. 130, மாங்குளம் – ஒட்டுசுட்டான் ரூ. 110, போக வர. லெவல் கருவிப் பெட்டியையும் முக்காலியையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போக முடியாது, அதனால் அவர் பஸ்ஸில் வந்தார். இ.போ.ச. பஸ் ரிக்கற் இரண்டும் இணைப்பு 3. மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் ஏறிய தனியார் பஸ்ஸில் ரிக்கற் தரவில்லை. அந்த ரூ. 220க்கு பிரிவு 6.1இன்படி உறுதிமொழிப் படிவம் நிரப்பி அவர் ஒப்பமிட்டிருக்கிறார்.

ஓட்டோ, 9ஆம் திகதி = ரூ. 1,400. ஒட்டுசுட்டான் சந்தியிலிருந்து இடதுகரை வரை கருவியோடு போய்வந்தது. கைப்பட எழுதிய பற்றுச்சீட்டு, வாகன இலக்கத்தோடு, இணைப்பு 4.

ட்ரக்டர், 10ஆம் திகதி = ரூ. 4,500. இணைப்பு 5. விபரம் கீழே.

விடுதி, தொழில்நுட்ப உதவியாளர், 2 இரவு × ரூ. 3,200 = ரூ. 6,400. பற்றுச்சீட்டு இணைப்பு 6. உச்ச எல்லை ரூ. 4,000, அதற்குள்தான் இருக்கிறது.

உறவினர் வீட்டில் தங்கிய கொடுப்பனவு, எனக்கு, 2 இரவு × ரூ. 1,000 = ரூ. 2,000. ஒட்டுசுட்டானில் சித்தி வீட்டில் தங்கினேன். பிரிவு 5.3இன்படி இதற்குப் பற்றுச்சீட்டுத் தேவையில்லை, தங்கிய முகவரியும் ஒப்பமும் போதும். அவை பயண அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உள்ளன.

சாப்பாட்டுக் கொடுப்பனவு, 2 பேர் × 3 நாள் × ரூ. 1,800 = ரூ. 10,800. இதில் 10ஆம் திகதி மதியச் சாப்பாட்டைக் கமக்கார அமைப்பு தந்தது. அவர்கள் வீட்டிலேயே சமைத்துக் குளக்கட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆளுக்கு ரூ. 600 வீதம் ரூ. 1,200 கழித்து ரூ. 9,600.

போட்டோக் கொப்பி, லெமினேட்டிங் = ரூ. 640. பற்றுச்சீட்டு இணைப்பு 7.

பொலித்தீன் விரிப்பு = ரூ. 850. லெவல் கருவி நனையாமல் மூட வாங்கியது. கடை பில் மழையில் நனைந்து எழுத்துக் கலைந்துவிட்டது. புதுக்குடியிருப்புக் கூட்டம் முடிந்து திரும்பும்போது அதே கடையில் கேட்டு, முத்திரை குத்திய மறுபிரதி வாங்கினேன். இரண்டும் இணைப்பு 8. விரிப்பு இப்போது கிளிநொச்சி அலுவலகக் களஞ்சியத்தில் இருக்கிறது, பொருட் பதிவேட்டிலும் ஏற்றிவிட்டேன்.

மொத்தம் ரூ. 30,990
கழிக்க, முற்பணம் ரூ. 12,000
மிகுதி ரூ. 18,990

உதவியாளருக்குரிய சாப்பாட்டுக் காசையும் பஸ் காசையும் நானே கொடுத்துவிட்டேன், அவர் பெற்றுக்கொண்ட ஒப்பம் இணைப்பு 9. அவருக்குத் தனியாக எதுவும் போடவேண்டாம்.

இனி ட்ரக்டர் விபரம்.

9ஆம் திகதி இரவு முழுக்க மழை. மறுநாள் காலை நாங்கள் தாம்போதிக்குப் போனபோது தண்ணீர் மேலால் பாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு கரையிலும் நட்டிருக்கும் வெள்ளைக் கம்பங்களின் தலைதான் தெரிந்தது. ஓட்டோக்காரர் திரும்பிவிட்டார், மோட்டார் சைக்கிளை யோசிக்கவே முடியாது. லான்மாஸ்டர் வைத்திருப்பவரும் வரமாட்டேன் என்றார். பெரிய ட்ரக்டர் வைத்திருக்கும் ஒருவர்தான் சம்மதித்தார். அவருடைய உதவியாள் கையில் தடியோடு முன்னால் நடந்து பாதையைக் குத்திப் பார்த்துக்கொண்டு போக, ட்ரக்டர் மெதுவாகப் பின்னால் போனது. நானும் தம்பியும் பெட்டியில் இருந்தோம். கருவிப் பெட்டி முழு நேரமும் தம்பியின் மடியில்தான் இருந்தது. அக்கரையிலிருந்து குளக்கட்டு வரை சேறு, அதிலும் ட்ரக்டரில்தான் போனோம்.

எங்களை இறக்கிவிட்டு அவர் போயிருக்கலாம், வேறு வாடகை பார்த்திருக்கலாம். பின்னேரம் தண்ணீர் கூடினால் நீங்கள் அக்கரையில் மாட்டுப்பட்டுவிடுவீர்கள் என்று சொல்லி, அளந்து முடியும்வரை ஐந்து மணித்தியாலம் குளக்கட்டிலேயே நின்றார். ரூ. 4,500 போக்குவரவு, காத்திருப்பு, உதவியாளின் கூலி, டீசல் எல்லாம் சேர்த்து. பேரம் பேசத் தேவையில்லாத விலை என்றுதான் நினைக்கிறேன்.

இதற்குரிய கொள்கைப் பிரிவு இரண்டு. நீங்கள் தேடாமல் பார்க்க இங்கேயே தருகிறேன்:

“6.1 பற்றுச்சீட்டுப் பெறமுடியாத உள்ளூர்ப் போக்குவரத்துச் செலவுகளை, பணம் பெற்றவரின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், ஒப்பம் ஆகியவை அடங்கிய உறுதிச்சீட்டுடன் கோரலாம். பணம் பெற்றவரின் ஒப்பம் பெறமுடியாத பஸ் கட்டணத்துக்குப் பயணம் செய்தவரின் உறுதிமொழி போதுமானது. ஒரு தடவைக்கான உச்ச எல்லை ரூ. 3,000.

6.4 வெள்ளம், வீதித்தடை முதலிய அவசர நிலைமைகளில் பிரிவு 6.1இன் எல்லையை மீறலாம். நிகழ்ச்சித்திட்ட முகாமையாளரின் எழுத்துமூல அனுமதி செலவு நடந்து 24 மணித்தியாலத்துக்குள் பெறப்பட்டிருத்தல் வேண்டும். குறுஞ்செய்தியும் எழுத்துமூல அனுமதியாகக் கொள்ளப்படும்.”

எல்லைக்கு மேல் ரூ. 1,500 போயிருக்கிறது. முகாமையாளர் ஐயாவுக்குத் தாம்போதியில் நின்றே காலை 8.10க்கு படத்தோடு வட்ஸ்அப் போட்டேன். “ரூ. 4,500 வரை சரி, கவனம்” என்று 8.26க்கு அனுமதி வந்தது. ட்ரக்டர் இறங்கியது அதற்குப் பிறகுதான். அந்தத் திரைப்பிரதியும், தண்ணீர் பாயும் படமும், ட்ரக்டர்க்காரரின் ஒப்பத்தோடுள்ள உறுதிச்சீட்டும் சேர்த்துத்தான் இணைப்பு 5. ஆகவே இது 6.4க்குள் முழுமையாக வருகிறது.

அன்று என் கையில் இருந்ததில் ரூ. 2,000 கொடுத்தேன். மிகுதி ரூ. 2,500 அலுவலகம் நேரே வங்கியில் போடும் என்று சொன்னேன், அவரும் நம்பி விட்டுவிட்டார். அவருக்கு 20ஆம் திகதி ட்ரக்டர் லீசிங் கட்டவேண்டும். இந்த மழையில் வாடகையும் குறைவு. வங்கிப் புத்தக முதற்பக்கப் பிரதி இணைப்பு 10. உறுதிச்சீட்டில் பெற்றது ரூ. 2,000, பெறவேண்டியது ரூ. 2,500 என்று பிரித்தே எழுதியிருக்கிறேன், கணக்காய்வில் குழப்பம் வராது.

வழக்கமான கொடுப்பனவு நாள் 24ஆம் திகதி என்று தெரியும். என்னுடைய ரூ. 16,490 அன்றைக்கே வரட்டும். அவருடைய ரூ. 2,500ஐ மட்டும் 19ஆம் திகதிக்கு முன் தனியாகப் போட்டுத்தாருங்கள். அடுத்த மழையிலும் நாங்கள் கேட்கப்போவது அவரைத்தான்.

முகாமையாளர் ஐயா கவனத்துக்கு ஒன்று. ரூ. 3,000 எல்லை கிளிநொச்சி, மாங்குளம், புளியங்குளம் என்று ஏ-9ஐ ஒட்டிய இடங்களுக்குப் போதும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய் உட்கிராமங்களுக்கு ஒக்ரோபரிலிருந்து ஜனவரி வரை போதாது. ஒவ்வொரு தடவையும் வெள்ளத்தில் நின்றுகொண்டு சிக்னல் தேடி அனுமதி கேட்பது பாதுகாப்பில்லை. அந்த நான்கு மாதத்துக்கும் முன்கூட்டியே ஒரு எல்லையை அனுமதித்துத் தந்தால் களத்தில் போகிற எல்லோருக்கும் உதவியாக இருக்கும். அடுத்த முகாமைத்துவக் கூட்டத்தில் இதைக் கதைக்க முடியுமா ஐயா?

மூலப் பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஒரு கடித உறையில் போட்டு, இலக்கமிட்டு, இன்று மதியம் யாழ்ப்பாணம் வரும் அலுவலக வாகனத்தில் கொடுத்துவிட்டிருக்கிறேன். பயணம் முடிந்து பத்து வேலைநாளுக்குள் கோரவேண்டும் என்ற பிரிவு 7.1இன்படி இது காலத்துக்குள்தான். ஏதாவது பிரதி தெளிவில்லை என்றால் கூப்பிடுங்கள் அக்கா, நாளை முழுக்க அலுவலகத்தில்தான் இருப்பேன்.

இணைப்புகள்: 1 பயண அனுமதியும் பயண அறிக்கையும்; 2 மீற்றர்ப் படங்கள்; 3 பஸ் ரிக்கற்றும் உறுதிமொழிப் படிவமும்; 4 ஓட்டோ; 5 ட்ரக்டர் உறுதிச்சீட்டு, அனுமதித் திரைப்பிரதி, தாம்போதிப் படம்; 6 விடுதி; 7 போட்டோக் கொப்பி; 8 பொலித்தீன், மூலமும் மறுபிரதியும்; 9 உதவியாளரின் ஒப்பம்; 10 ட்ரக்டர்க்காரரின் வங்கிப் புத்தகப் பிரதி.

நன்றி.

இப்படிக்கு,
தர்சினி
கள இணைப்பாளர்
கிளிநொச்சி அலுவலகம்