இயல் 2: மூல அட்டவணை, நெறியாளர் பார்வைக்கு

வணக்கம் டாக்டர்,

சென்ற சந்திப்பில் இரண்டாம் இயலைப் புரட்டிவிட்டு, "ஒவ்வொரு பத்தியும் ஒருவரைப் பற்றி இருக்கிறது, எந்தப் பத்தியும் ஒரு கேள்வியைப் பற்றி இல்லை" என்றீர்கள். அன்று கொஞ்சம் வலித்தது. வீட்டுக்குப் போய் இருபத்துநான்கு பக்கத்தையும் மறுபடி படித்தேன். சொன்னது சரிதான். ஃபெர்குசன் கூறுகிறார், ஃபிஷ்மன் கூறுகிறார், ஷிஃப்மன் கூறுகிறார் என்று வரிசையாகப் போகிறது. நான் எதையும் கூறவில்லை.

அதனால் முழு இயலையும் முறை, முடிவு, இடைவெளி என்று அட்டவணையாக உடைத்தேன். ஆய்வுத் தலைப்பு மாறவில்லை: சிங்கப்பூரின் புங்கோல் வட்டாரத்தில் மூன்று தலைமுறை ஒன்றாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளின் தமிழ்ப் புழக்கம்.

ஒரு பத்தி எப்படி வரிசையானது என்பதற்கு எடுத்துக்காட்டு. பழைய வடிவம்: "ஹரால்ட் ஷிஃப்மன் 2003இல் சிங்கப்பூரில் தமிழின் நிலையை விரிவாக ஆராய்ந்தார். மொழிக் கொள்கை, பள்ளி, இல்லம் ஆகியவற்றை அவர் விவாதிக்கிறார். அவரது கருத்துகள் மிக முக்கியமானவை." மூன்று வாக்கியம், ஒரு தகவல்கூட இல்லை. அவர் எதை வைத்துச் சொன்னார் என்று கட்டத்தில் எழுத வேண்டி வந்தபோதுதான் கட்டுரையை மீண்டும் திறந்தேன். ஐந்தாம் வரிசை அப்படி வந்தது.

இடைவெளிக் கட்டத்தில் "ஆ" என்றால் ஆய்வாளர் எடுத்துக்கொண்ட எல்லைக்கு வெளியே நிற்பது. "நா" என்றால் நான் பார்ப்பது. பழைய இயலில் இரண்டையும் கலந்துவிட்டேன். நான் நினைத்ததை அவர்கள் வாயில் போட்டிருந்தேன்.

| எண் | மூலம் | முறை | முடிவு | இடைவெளி |
|---|---|---|---|---|
| 1 | ஃபெர்குசன், 1959 | கோட்பாட்டுக் கட்டுரை; அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைத்தி கிரியோல் ஒப்பீடு | ஒரே மொழியின் உயர் வழக்கு கல்வியில் கற்கப்படுகிறது; தாழ் வழக்கு வீட்டிலேயே தாய்மொழியாக வருகிறது | நா: பேச்சுத் தமிழும் வீட்டில் வராத பிள்ளைக்கு இந்தப் படம் பொருந்துமா? |
| 2 | பிரிட்டோ, 1986 | இரட்டை வழக்குக் கோட்பாட்டைத் தமிழில் பொருத்திப் பார்த்த நூல் | பயன்பாட்டைப் பொறுத்த இரட்டை வழக்கு வேறு, பேசுபவரைப் பொறுத்தது வேறு | நா: ஆங்கிலம் மூன்றாவதாக வந்து அமர்ந்த வீடு |
| 3 | ஃபிஷ்மன், 1991 | பல சமூகங்களின் மொழி மீட்பு முயற்சிகளை ஒப்பிட்டு எட்டுப் படிநிலை அளவுகோல் | ஆறாம் படியான வீடு, குடும்பம், அக்கம்பக்கம் வழிக் கைமாற்றம் இல்லையேல் பள்ளி மட்டும் தாங்காது | நா: கைமாற்றுபவர் பெற்றோரா, தாத்தா பாட்டியா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் |
| 4 | ஸ்போல்ஸ்கி, 2004 | கோட்பாட்டு நூல் | மொழிக் கொள்கைக்கு மூன்று கூறு: நடைமுறை, நம்பிக்கை, மேலாண்மை | இடைவெளி இல்லை, இது என் சட்டகம் |
| 5 | ஷிஃப்மன், 2003 | சிங்கப்பூர்த் தமிழ்க் கொள்கை பற்றிய விமர்சன வாதம் | பள்ளி எழுத்துத் தமிழை வலியுறுத்தி, வீட்டுப் பேச்சுத் தமிழிலிருந்து விலகி நின்றது தமிழுக்கு உதவவில்லை | ஆ: 2003 வரையிலான நிலை. நா: பேச்சுத் தமிழுக்கு இடம் தந்த 2005 பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு வீடு எப்படி? |
| 6 | கிங், ஃபோகில், லோகன்-டெர்ரி, 2008 | ஆய்வுத் தொகுப்புக் கட்டுரை | குடும்ப மொழிக் கொள்கை என்பது வீட்டில் மொழிப் பயன்பாட்டைப் பற்றிய வெளிப்படையான திட்டமிடல் | நா: யாரும் திட்டமிடாமலே நடப்பது எங்கே சேரும்? |
| 7 | கர்ட்-கிறிஸ்டியன்சன், 2016 | சிங்கப்பூரில் சீன, மலாய், இந்தியக் குடும்பங்கள் மூன்று. நேர்காணலோடு வீட்டுப் பேச்சையும் பார்த்தது | பெற்றோரின் நம்பிக்கையும் வீட்டு நடைமுறையும் முரண்படுகின்றன. ஆங்கிலமே ஓங்குகிறது | ஆ: இனத்துக்கு ஒரு குடும்பம். நா: தமிழ்க் குடும்பங்களுக்குள் உள்ள வேறுபாடு |
| 8 | சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2020 | ஏறத்தாழ 1,50,000 வீடுகளின் மாதிரி; ஐந்து வயதும் மேலும் | வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம்: 2010இல் 32.3%, 2020இல் 48.3%. தமிழ் 2.5% | நா: சொன்ன பதிலே தரவு, யார் யாரிடம் பேசினார் என்பது இல்லை |

கடைசி வரிசையில் ஒரு தவறு செய்திருந்தேன். "கணக்கெடுப்பு ஒரே மொழியை மட்டும் கேட்கிறது" என்று பழைய இயலில் அடித்துச் சொல்லியிருந்தேன். 2020 அறிக்கை அதற்கு மேலும் பதிவு செய்கிறது: ஆங்கிலத்தை அதிகம் பேசுவோரில் 87 விழுக்காட்டினர் இன்னொரு தாய்மொழியையும் வீட்டில் பேசுகிறார்கள். இது சின்னத் திருத்தம் இல்லை. "தமிழ் போய்விட்டது" என்று புலம்பும் என் முன்னுரை இதில் ஆட்டம் காண்கிறது. தமிழ் இரண்டாம் இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. அந்த இரண்டாம் இடம் எவ்வளவு அகலம் என்பதே கேள்வி. பாட்டிக்கு "சாப்பிட்டாச்சு" என்று ஒரு சொல் சொல்வதும் அந்த 87இல் வரும், முழுக் கதை பேசுவதும் வரும்.

வனிதாமணி சரவணனும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் பற்றிய மனப்பான்மை குறித்து எழுதியதை இந்த அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டேன். அது பள்ளி இயலுக்குப் போகிறது. ஆசிரியையாக எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை, ஆனால் பிடித்தது என்பதற்காக எல்லாக் கட்டத்திலும் நுழைக்கக் கூடாது அல்லவா.

இப்போது முறைக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். அங்கேதான் எனக்கு உறைத்தது. இந்த எட்டில் ஒன்றுதான் வீட்டுக்குள் போய் நடக்கும் பேச்சைப் பார்த்திருக்கிறது. ஐந்து கோட்பாடோ தொகுப்போ. ஒன்று கொள்கை வாதம். ஒன்று எண்ணிக்கை. முடிவுகளின் கட்டத்தைப் படித்தால் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுவதுபோல் தெரியும், ஆனால் அந்தப் பாட்டுக்கு நேரடிச் சான்று மெலிது. பத்தியாக எழுதியபோது இது கண்ணில் படவே இல்லை, ஏனென்றால் பெயர்கள் பெரியவை.

ஆகவே என் இடைவெளியை மாற்றி எழுதியிருக்கிறேன். முன்பு: "சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பற்றி ஆய்வு போதாது." எந்த ஆய்வேட்டிலும் எந்தச் சமூகத்தின் பெயரையும் போட்டு ஒட்டிவிடலாம் இதை. இப்போது:

"எடுத்துக்கொண்ட ஆய்வுகள் பெற்றோரைக் கொள்கை வகுப்பவராகக் காண்கின்றன. வீட்டில் தாத்தா பாட்டி இருக்கும்போது தமிழ்ப் பேச்சைத் தொடங்குவது யார், எந்த இடத்தில் பிள்ளை ஆங்கிலத்துக்கு மாறுகிறது என்பதை, 2005க்குப் பின் பள்ளி சென்ற பிள்ளைகளிடம், சொன்னதை வைத்து அல்லாமல் பேசியதை வைத்துக் காண்பது இந்த ஆய்வு."

இதற்கு ஆறு வீடுகளில் ஒரு வாரம் இரவு உணவு நேரப் பேச்சைப் பதிவு செய்வதாகத் திட்டம். நெறிமுறைக் குழு விண்ணப்பத்தில் பிள்ளைகளின் சம்மதத்துக்குத் தனிப் படிவம் கேட்கிறது. பாட்டிகளுக்கான படிவத்தைத் தமிழில் நானே எழுதுகிறேன். "பங்கேற்பாளர்" என்று தொடங்கினால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

உங்களிடம் இரண்டு கேள்வி உண்டு. நான்காம் வரிசையை அட்டவணையில் வைக்கலாமா, அல்லது சட்டகம் என்பதால் மேலே பத்தியாகவே விடலாமா? எனக்கு விடுவதே சரி என்று படுகிறது. அப்புறம், கர்ட்-கிறிஸ்டியன்சன் வரிசையில் "இனத்துக்கு ஒரு குடும்பம்" என்று எழுதியது குறை சொல்வதுபோல் ஒலிக்கிறதா? அவர் ஆழத்தைத் தேர்ந்தெடுத்தார். நானும் ஆறுதான் எடுக்கிறேன். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள், செவ்வாய்க்குள் மாற்றிவிடுகிறேன்.

பழைய இயலை அழிக்கவில்லை. அட்டவணை உறுதியானதும் அதிலிருந்து பத்திகளை மறுபடி எழுதுவேன்: இந்த முறை ஆளுக்கு ஒரு பத்தி இல்லை, கட்டத்துக்கு ஒரு பத்தி.