அத்தையின் பூக்களுக்குப் பதில்

அத்தை, காலையில் கண் விழித்ததும் போனில் நீங்கள் அனுப்பியிருந்த எமோஜிப் பூக்களைத்தான் பார்த்தேன். எண்ணியும் பார்த்துவிட்டேன்: ஒன்பது ரோஜா, நான்கு சிவப்பு இதயம், நடுவில் ஒரே ஒரு சூரியகாந்தி. அதைத் தேடிப்பிடித்து வைத்திருக்கிறீர்கள். எனக்கு மஞ்சள் பிடிக்கும் என்பதை இன்னும் மறக்கவில்லை நீங்கள்.

ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே என்று வருந்தாதீர்கள். எப்படி விழுந்தாய், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே நேற்று களைத்துப்போனேன். நீங்களோ எதுவும் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

தையல் பிரித்துவிட்டார்கள், வலி குறைந்திருக்கிறது. கண் அறுவைக்குப் பிறகு எழுத்துகள் உங்களுக்கு இன்னும் மங்கலாகத்தான் தெரிகின்றனவா? சிரமப்பட்டு எழுத வேண்டாம், சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன். மாமாவிடமும் சொல்லுங்கள்.

🌻❤️