ஆய்வு முறை: பல்கலைக்கழக மாணவர்களின் ஸ்மார்ட்போன் பயன்பாடும் உறக்கமும்

இது ஒரே காலகட்டத்தில் தரவு திரட்டிய குறுக்குவெட்டு ஆய்வு. தேர்வு நெருங்கினால் உறக்கமும் போன் பயன்பாடும் ஒருசேர மாறிவிடும் என்பதால், பருவத்தின் ஆறாவது, ஏழாவது வாரங்களைத் தேர்ந்தெடுத்தோம்.

மூன்று துறைகளின் இளநிலை வகுப்புகளில் நேரில் அழைப்பு விடுத்தோம். 163 பேர் வினாத்தாளை நிரப்பினர். திரைநேரப் பதிவு இல்லாத 11 பேரையும், இரவுப் பணிக்குச் செல்லும் 5 பேரையும் நீக்கியபின் 147 பேர் எஞ்சினர். இது வசதி மாதிரியே. இதன் முடிவுகளை எல்லா மாணவர்களுக்கும் பொதுமைப்படுத்த முடியாது. 80 விழுக்காடு ஆய்வுத் திறனில், சுமார் 0.24 அளவுள்ள ஒட்டுறவைக் கண்டறிய இந்த எண்ணிக்கை போதும். அதைவிட மெல்லிய தொடர்பு இருந்தால் எங்கள் கண்ணில் படாமல் போகலாம்.

போனில் செலவிட்ட நேரத்தை நினைவிலிருந்து சொல்லச் சொன்னால் பிழை மிகும். எனவே ஐபோனில் Screen Time அல்லது ஆண்ட்ராய்டு போனில் Digital Wellbeing காட்டும் முந்தைய ஏழு முழு நாட்களின் நேரங்களைப் பார்த்து எழுதச் சொன்னோம். ஸ்கிரீன்ஷாட் எதையும் வாங்கவில்லை. எந்தச் செயலி என்றும் கேட்கவில்லை. மடிக்கணினி நேரம் இந்தக் கணக்கில் சேராது.

உறக்கத் தரத்தைப் பிட்ஸ்பர்க் உறக்கத் தரக் குறியீட்டால் அளந்தோம். 1989இல் வெளியான இக்கருவி, கடந்த ஒரு மாத உறக்கத்தைப் பற்றிய 19 கேள்விகளை ஏழு கூறுகளாகத் தொகுத்து 0 முதல் 21 வரை மதிப்பெண் தருகிறது. 5ஐத் தாண்டினால் உறக்கத் தரம் குறைவு. தமிழாக்கத்தை, மூலத்தை அறியாத ஒருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிட்டோம்.

12 பேரிடம் நடத்திய முன்சோதனையில் ஒரு சிக்கல் தெரிந்தது. இக்குறியீட்டில் உறக்கத் திறன் என்பது, தூங்கிய நேரத்தைப் படுக்கையில் கழித்த நேரத்தால் வகுத்துக் கிடைப்பது. பத்து மணிக்குப் படுத்து, பன்னிரண்டு வரை போன் பார்த்துவிட்டு உடனே தூங்கிப்போகும் மாணவருக்கும் இந்தத் திறன் குறைவாகவே வரும். அப்படியானால் போனுக்கும் உறக்கத்துக்கும் இடையே நாங்கள் காணும் தொடர்பில் ஒரு பகுதி, அளவுகோலே உண்டாக்கியதாகிவிடும். அதனால் "எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்?" என்பதோடு "எத்தனை மணிக்குப் போனை வைத்துவிட்டுத் தூங்க முயல்கிறீர்கள்?" என்றும் தனியே கேட்டோம். முதன்மைப் பகுப்பாய்வை இருமுறை செய்தோம்: முழு மதிப்பெண்ணைக் கொண்டு ஒருமுறை, உறக்கத் திறனை நீக்கிய 0–18 மதிப்பெண்ணைக் கொண்டு மறுமுறை. இரண்டும் வேறுபட்டால் இரண்டாவதையே நம்புவது என்று தரவைத் திறக்கும் முன்பே எழுதிவைத்தோம்.

திரைநேரம் ஒருபக்கம் சாய்ந்து பரவியிருந்ததால் ஸ்பியர்மன் தர ஒட்டுறவைப் பயன்படுத்தினோம். வயது, பாலினம், விடுதியா வீடா, மாலைக்குப் பின் காபி அல்லது தேநீர் ஆகியவற்றைப் பின்னடைவுப் பகுப்பாய்வில் கட்டுப்படுத்தினோம்.

பல்கலைக்கழக நெறிமுறைக் குழு அனுமதி அளித்தது. அனைவரும் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் தந்தனர். வினாத்தாளில் பெயரோ பதிவெண்ணோ கிடையாது. மறுப்பதற்கு மாணவர்கள் தயங்கக் கூடாது என்பதால், வினாத்தாள் வழங்கியபோது ஆசிரியர்கள் வகுப்பில் இருக்கவில்லை. உறக்கமின்மையால் அவதிப்படுவோர் அணுகுவதற்காக, மாணவர் ஆலோசனை மையத்தின் விவரத்தை எல்லோருக்கும் கொடுத்தோம்.