காவிரி வற்றியிருந்த மதியம்

பள்ளி ஒலிபரப்பு: 8, 9ஆம் வகுப்புகளுக்கு
நேரம்: 13 நிமிடம்
குரல்கள்: கதைசொல்லி, டீச்சர், மாணவி

தயாரிப்புக் குறிப்பு: திப்பு சுல்தானுக்கோ ஆங்கிலத் தளபதிகளுக்கோ வசனம் கிடையாது. அவர்கள் பேசியதாகப் பின்னாளில் எழுதப்பட்ட வீர வசனங்கள் பல உண்டு. அவற்றை நடிக்க வேண்டாம். கதைசொல்லியின் குரல் நிதானமாக இருக்கட்டும். எல்லாரும் கத்தினால் வகுப்பறை ஒலிபெருக்கியில் ஒரு சொல்லும் புரியாது.

பீரங்கி ஒலிக்கு: அடித்தொண்டை உறுமலைப் பள்ளி ஒலிபெருக்கி விழுங்கிவிடும். வெறும் இரும்பு அலமாரியின் கதவை உள்ளங்கையால் ஓங்கித் தட்டுங்கள். மைக் மூன்றடி தள்ளி இருக்க வேண்டும். பக்கத்தில் வைத்தால் ஒலி பிளந்து கரகரக்கும். துப்பாக்கிக்கு மர அடிகோலை மேசையில் தட்டையாக அறையவும். அக்காலத் துப்பாக்கியை ஒவ்வொரு முறையும் மருந்திட்டு, குண்டைத் திணித்துத்தான் சுட முடியும். தேர்ந்த வீரர்கூட நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் சுடுவார். அதனால் ஒரு கும்பல் ஒலி, பிறகு இடைவெளி, மறுபடி ஒரு கும்பல் ஒலி. இயந்திரத் துப்பாக்கி மாதிரி படபடவென்று வந்தால் காட்சியே பொய்யாகிவிடும்.

ஆற்று ஒலிக்கு: அண்டாவில் முழங்கால் அளவு தண்ணீர், இரண்டு பேர் உள்ளே நின்று நடக்க வேண்டும். அடியில் நாலைந்து கூழாங்கல் போடுங்கள்.

(ஒலி: தண்ணீர் மெல்ல ஓடுகிறது. 8 வினாடி. தாழ்கிறது.)

கதைசொல்லி: 1799ஆம் ஆண்டு, மே மாதம் 4ஆம் தேதி, சனிக்கிழமை. மைசூர் நாட்டின் ஸ்ரீரங்கப்பட்டணம். குடகு மலையில் பிறந்து வரும் காவிரி இங்கே இரண்டாகப் பிரிந்து மறுபடி கூடுகிறது. நடுவில் ஒரு தீவு. தீவின் மேற்கு முனையில் கோட்டை. அதற்குள் திப்பு சுல்தான்.

மாணவி: டீச்சர், சுத்தி ஆறு இருக்கும்போது எதிரி எப்படி உள்ளே வருவான்?

டீச்சர்: அங்கதாம்மா விஷயமே இருக்கு. அது மே மாசம். தென்மேற்குப் பருவமழை இன்னும் ஆரம்பிக்கல. காவிரியில சில இடத்துல கணுக்கால் அளவு, சில இடத்துல இடுப்பளவு தண்ணி. பாறை தெரியுது. ஜூன் மழை இறங்கிட்டா அந்த ஆத்தை நடந்து கடக்கவே முடியாது. கோட்டைக்குள்ள இருக்கறவங்களுக்கு மழை வரணும். வெளியில இருக்கறவங்களுக்கு மழைக்கு முன்னாடி முடியணும்.

கதைசொல்லி: வெளியே இருப்பது ஜெனரல் ஜார்ஜ் ஹாரிஸின் ஆங்கிலப் படை. வேலூரில் திரண்டு பிப்ரவரியில் புறப்பட்டது. ஹைதராபாத் நிஜாமின் படை வழியில் சேர்ந்துகொண்டது. பம்பாயின் படை கண்ணனூரிலிருந்து மலையேறி வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் நடந்தவர்களில் பலர் தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்கள். ஏப்ரல் 5ஆம் தேதி அவர்கள் கோட்டைக்கு எதிரே வந்து சேர்ந்தார்கள்.

டீச்சர்: வர்ற வழியில மைசூர்க் குதிரைப்படை புல்லையும் வைக்கோலையும் கொளுத்திக்கிட்டே போச்சு. தீனி இல்லாம வண்டி மாடுகள் சரிஞ்சு விழுந்துது. மாடு செத்தா அரிசி மூட்டை எப்படி வரும்? ஏப்ரல் 16ஆம் தேதி ஹாரிஸ் கையிருப்பை எண்ணிப் பார்த்தார். போர் வீரர்களுக்குப் பாதி அளவு கொடுத்தாலும் 18 நாளுக்குத்தான் அரிசி.

மாணவி: பதினாறும் பதினெட்டும்... மே 4!

டீச்சர்: அதேதான். அதுக்கப்புறம் கொஞ்சம் அரிசி கிடைச்சாலும், அந்தப் பயம் அவரை விடல.

(ஒலி: பீரங்கி, இரண்டு முறை. நடுவே 5 வினாடி.)

கதைசொல்லி: சுவரை உடைக்க ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கோட்டையின் வடமேற்கு மூலைக்கு அருகே. மே 2ஆம் தேதி ஒரு குண்டு கோட்டைக்குள் இருந்த ராக்கெட் கிடங்கில் விழுந்து பெருவெடிப்பு ஏற்பட்டது. மறுநாள் சுவர் சரிந்தது. சுமார் 100 அடி அகல உடைப்பு.

டீச்சர்: ஏரிக்கரை உடைப்பைப் பார்த்திருப்பீங்க. கரை சரிஞ்சா மண்ணு இரண்டு பக்கமும் சாய்வா விழும். மதிலும் அப்படித்தான். குண்டு தொடர்ந்து சுவரோட கீழ்ப்பகுதியில பட்டா, மேல இருக்கறது தானா இடிஞ்சு முன்னால சரியும். அந்த இடிபாடே ஏறிப் போற படிக்கட்டா ஆயிடும். மேல்பகுதியை மட்டும் உடைச்சா ஓட்டைதான் கிடைக்கும், ஏற வழி கிடைக்காது.

கதைசொல்லி: மே 4, விடிவதற்கு முன். 4,300க்கும் மேற்பட்ட வீரர்கள் இருட்டோடு இருட்டாகப் பதுங்குகுழிகளுக்குள் இறக்கப்படுகிறார்கள். ஐரோப்பியர்கள், இந்தியச் சிப்பாய்கள், இரு சாராரும். பொழுது விடிந்த பிறகு இத்தனை பேர் நகர்ந்தால் மதில்மேல் இருப்பவர்கள் கண்டுகொள்வார்கள். அதனால் வெயில் ஏறும்வரை குழிக்குள் அசையாமல் காத்திருக்க வேண்டும்.

அவர்களை நடத்தப் போகிறவர் டேவிட் பேர்ட். 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் கம்பெனிப் படை தோற்றபோது சிறைபிடிக்கப்பட்டவர். இதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 44 மாதம் அடைபட்டுக் கிடந்தவர்.

(ஒலி: காக்கை. தூரத்தில் ஒரே ஒரு பீரங்கி.)

கதைசொல்லி: கோட்டைக்குள். திப்பு சில நாட்களாக அரண்மனையில் தங்கவில்லை. வடக்கு மதிலோரம் இருந்துகொண்டு காவலைக் கவனிக்கிறார். இன்று நாள் சரியில்லை என்று சோதிடர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் பிராமணர்களுக்குத் தானங்கள் செய்கிறார்.

உடைப்புப் பகுதியின் காவல் சையது கஃபார் என்ற தளபதியிடம். எதிரிக் குழிகளில் ஆள் நெருக்கம் தெரிகிறது, தாக்குதல் வரப்போகிறது என்று அவர் எச்சரிக்கிறார். பட்டப்பகலில் வருவார்கள் என்று திப்பு எதிர்பார்க்கவில்லை. மதிய உணவுக்கு அமர்கிறார். கஃபார் பீரங்கிக் குண்டுக்குப் பலியான செய்தி அப்போதுதான் வருகிறது.

(3 வினாடி அமைதி. இந்த இடத்தில் இசை வேண்டாம்.)

மாணவி: ஏன் டீச்சர் மதியத்தைத் தேர்ந்தெடுத்தாங்க? ராத்திரின்னா மறைஞ்சு வரலாமே?

டீச்சர்: ராத்திரி பாறை ஆத்தைக் கடந்து, சரிஞ்ச கல்லு மேல ஏறினா, வரிசை கலைஞ்சிடும். யார் நம்ம ஆள்னே தெரியாது. மதியம் ஒரு மணின்னா உள்ளே இருக்கறவங்க சாப்பிட்டுட்டு வெயிலுக்கு ஒதுங்கற நேரம். ஹாரிஸ் கணக்குப் போட்டது அதை வெச்சுத்தான்.

கதைசொல்லி: மதியம் ஒரு மணி சுமார். பேர்ட் குழியிலிருந்து மேலே ஏறுகிறார்.

(ஒலி: அண்டாவில் வேகமான நடை. மெல்லத் தொடங்கி வலுக்கட்டும். அடிகோல் ஒலி: கும்பல், இடைவெளி, கும்பல்.)

கதைசொல்லி: இரண்டு பிரிவுகள். இரண்டுக்கும் முன்னால் தலா ஒரு சார்ஜென்டும் பன்னிரண்டு பேரும். திரும்பி வருவோம் என்ற நம்பிக்கை இல்லாமல் போகிறவர்கள். சுமார் 250 மீட்டர் அகலப் படுகை. வழுக்கும் பாறை, மறைந்திருக்கும் பள்ளம், எதிரே மதிலிலிருந்து குண்டும் ராக்கெட்டும். மருந்துப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்ளாதவனின் துப்பாக்கி அக்கரையில் வெறும் கட்டைதான்.

ஆறே நிமிடம். உடைப்பின் உச்சியில் சார்ஜென்ட் கிரகாம் கொடியை நட்டார். அடுத்த கணம் சுடப்பட்டு விழுந்தார்.

(ஒலி: எல்லாம் சட்டென்று நிற்கிறது.)

மாணவி: அவ்வளவுதானா? கோட்டை விழுந்திடுச்சா?

டீச்சர்: இல்லம்மா. மேல ஏறினவங்க உறைஞ்சு நின்னுட்டாங்க. எதிரே இன்னொரு மதில்! இரண்டுக்கும் நடுவுல ஆழமான அகழி. இந்த உள் அகழியை மைசூர்க்காரங்க பலமா வெச்சிருந்தாங்க. அங்கே முழுக் காவலும் விழிப்பா இருந்திருந்தா, அந்த நாள் வேற மாதிரி முடிஞ்சிருக்கும்னுதான் எனக்குத் தோணுது. ஆனா 12ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஒரு சிறு கூட்டம் குறுகலான ஒரு வழியைக் கண்டுபிடிச்சு உள் மதிலுக்குத் தாவிடுச்சு.

கதைசொல்லி: வலப் பிரிவு தெற்கு மதில்வழியே வேகமாக முன்னேறியது. இடப் பிரிவு வடக்கே திரும்பியது. அதன் தலைவர் டன்லப் உடைப்பிலேயே வாள்வெட்டுப் பட்டார். வடக்கு மதிலில் அவர்களை நிறுத்தியவர் திப்பு. அடுக்கடுக்கான குறுக்குத் தடுப்புகளின் பின்னால் நின்று சுட்டார். பணியாளர்கள் மருந்திட்ட துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார்கள்.

ஆனால் உள் மதிலை எட்டியவர்கள் இப்போது பக்கவாட்டிலிருந்து சுடுகிறார்கள். முன்னேயும் குண்டு, பக்கத்திலும் குண்டு. தடுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்படுகின்றன.

மாணவி: திப்புவோட அமைச்சர் மீர் சாதிக் துரோகம் செஞ்சதாலதான் தோத்தாங்கன்னு தாத்தா சொல்வார்.

டீச்சர்: சம்பளம் கொடுக்கறேன்னு வீரர்களை உடைப்புப் பக்கத்திலிருந்து கூப்பிட்டுட்டார் அப்படிங்கறது காலங்காலமா சொல்லிட்டு வர்ற செய்தி. அவரை மைசூர் வீரர்களே கொன்னதாகவும் சொல்வாங்க. தாத்தா சொன்னதை மறுக்கல. ஆனா எல்லாத்தையும் ஒருத்தர் தலையில போட்டா, வத்தின ஆறு, கஃபார் சாவு, சரிஞ்ச சுவர் எல்லாம் கணக்குல வராமப் போயிடும்.

(ஒலி: ஒரே ஒரு குதிரைக் குளம்பொலி. தேங்காய்ச் சிரட்டை இரண்டு, மணல்மேல். நிற்கிறது.)

கதைசொல்லி: காயத்தோடு குதிரையேறிய திப்பு நீர்வாயில் எனப்படும் சிறு வாசலுக்கு வந்தார். வளைவின் இரு முனையிலும் எதிரிகள். நெரிசலில் அவருடைய குதிரை சுடப்பட்டு விழுந்தது. உடனிருந்தவர்கள் அவரைப் பல்லக்கில் கிடத்தினார்கள். பக்கத்தில் காயம்பட்டுக் கிடந்த பணியாள் ராஜா கான் பின்னர் சொன்னது இது: ஆங்கிலப் படைவீரன் ஒருவன் சுல்தானின் பொன் வார்ப்பூட்டைப் பறிக்க வந்தான். திப்பு கையிலிருந்த வாளால் அவனை முழங்காலில் வெட்டினார். அவன் நெற்றிப்பொட்டில் சுட்டான். அது யார் உடல் என்று சுட்டவனுக்குத் தெரியவில்லை.

(5 வினாடி அமைதி.)

கதைசொல்லி: அரண்மனையிலிருந்த திப்புவின் மகன்கள் சரணடைந்தார்கள். தந்தை எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இருட்டிய பிறகு ஆங்கிலேயர்கள் பந்த வெளிச்சத்தில் நீர்வாயிலில் குவிந்த உடல்களைப் புரட்டிப் பார்த்தார்கள். ராஜா கான் இடத்தைக் காட்டினார். உடலில் இன்னும் சூடு இருந்தது. ஆங்கில அதிகாரி ஆர்தர் வெல்லெஸ்லி நாடி பிடித்துப் பார்த்துத்தான் உறுதிசெய்தார்.

அன்றிரவு முழுக்க நகரம் கொள்ளையடிக்கப்பட்டது. மறுநாள் வெல்லெஸ்லி கொள்ளைக்காரர்களைத் தூக்கிலிட்ட பிறகுதான் அது அடங்கியது. புலித்தலை பதித்த சிங்காதனமும் பின்னர் துண்டு துண்டானது.

மே 5ஆம் தேதி மாலை, தந்தை ஹைதர் அலியின் பக்கத்தில் திப்பு அடக்கம் செய்யப்பட்டார். அந்த நேரத்தில் கடும் இடியும் மின்னலும்.

(ஒலி: தகர ஷீட்டை அசைத்து இடி. பிறகு மழை: முறத்தில் அரிசியைச் சரிக்கவும். 10 வினாடி.)

டீச்சர்: சுல்தானின் பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனாங்க. ஏழு வருஷம் கழிச்சு, 1806 ஜூலை 10ஆம் தேதி, அதே கோட்டையில சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தாங்க. அடுத்த வாரம் அதைக் கேட்போம்.

கதைசொல்லி: வகுப்பில் செய்ய: ஒரு தாளில் தீவை வரையுங்கள். ஆற்றின் இரு கிளைகள், வடமேற்கு உடைப்பு, உள் அகழி, வடக்கில் நீர்வாயில். ஒரு மணிக்கு ஆற்றில் இறங்கிய வீரனுக்கும் வடக்கு மதிலில் நின்ற காவலனுக்கும் என்னென்ன தெரிந்திருக்கும் என்று தனித்தனியே எழுதுங்கள்.

(மழை ஒலி தேய்ந்து முடிகிறது.)